இரண்டாம் பக்கம்

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அலுவலகத்தில் இதை எல்லோரும் அறிவார்கள். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்த தொண்டு நிறுவனத்தில் பதிவேடுகளை என் தலையில் கட்டிவிட்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோப்புகளோடு என்னை ஓர் அறையில் விட்டால் மற்றவர்களோடு சண்டை பிடிக்க மாட்டேன் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்குத் தப்பு. நான் கோப்புகளுக்காகவும் சண்டை பிடித்தேன்.

அந்தக் கோப்புகளில் பாதி என் கையெழுத்து. கடல் வந்துபோன பிறகு, மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட மரங்களுக்குக் கீழே மேசை போட்டு நாங்கள் நிரப்பிய படிவங்கள் அவை. ஒரு தாள், இரண்டு பக்கம். முதலாம் பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீடு எவ்வளவு உடைந்தது, கையொப்பம், கிராம சேவகரின் முத்திரை. இரண்டாம் பக்கத்தில் குடும்ப விபரமும், அடியில் ஒரு பெட்டியும். பெட்டிக்குத் தலைப்பு: வீட்டில் இல்லாதோர், காரணம்.

படிவத்தைத் தயாரித்தவர்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். வளவு, அதாவது வீடு நிற்கும் காணி, யாருடையது என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. குடும்பத் தலைவர் ஆண், வீடு அவருடையது, முடிந்தது கதை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கட்டம் இல்லாத காரணத்தால் நாங்கள் இரண்டாம் பக்கத்து ஓரத்தில் எழுதினோம். கிராம சேவகர் பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைத்தார். எல்லா மேசைகளிலும் அப்படித்தான் நடந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு அந்தத் தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்தோம். ஒரே படிவத்தை அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் தனித்தனியே கணினியில் அடிப்பார்கள். இருவரும் அடித்தது ஒத்துவராவிட்டால் நான் படத்தைத் திறந்து பார்த்து எது சரி என்று முடிவு செய்வேன். படங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின், பூஞ்சணம் பிடித்துக் கிடந்த தாள்கள் அத்தனையையும் எரித்துவிட்டோம். மிஞ்சியது இரண்டு: தாளின் படம், படத்திலிருந்து எடுத்து அடித்த பதிவு. பதிவில் கட்டங்களுக்குள் இருந்தவை மட்டுமே ஏறின. ஓரத்தில் எழுதியவை ஏறவில்லை. வீட்டில் இல்லாதோர் பெட்டியிலிருந்தும் எத்தனை பேர் என்ற எண் மட்டுந்தான் ஏறியது. பெயரும் காரணமும் படத்தோடு நின்றுவிட்டன.

எங்கள் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர் போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பத்து மனிதர். ஓய்வுக்குக் கிட்டிய வயது. நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். ஒரு நாளும் குரல் உயர்த்த மாட்டார். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். அவருடைய சட்டம் எளிமையானது. பணம் கொடுத்தவர்களின் கணக்காய்வு முடிந்து, முடிந்தது என்று கடிதம் வரும் வரை ஒரு படத்தையும் தொடக்கூடாது. கணக்காய்வாளர் வந்து பத்து இலக்கத்தைச் சொல்வார். அந்தப் பத்துக்கும் பதிவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். படம் இல்லாத பதிவு யாரோ சொன்ன கதை, அவ்வளவுதான் என்பார்.

இதெல்லாம் சமாதான காலத்துக்குச் சரி. யுத்தம் திரும்பவும் தொடங்கிய பிறகு எனக்கு அந்தப் படங்களை நினைத்தாலே பயம். மரத்தடியில் சனம் பயமில்லாமல் சொன்னதை நான் பெட்டிக்குள் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். மகன் காட்டுப் பக்கம், இயக்கத்துக்குப் போனவன். மகள் வெளியூரில் ஒளித்திருக்கிறாள். மருமகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தது என்றும் சில இடங்களில் இருந்தது. அது எழுதும்போது துக்கம். இரண்டு வருடம் கழித்து அது ஒரு பட்டியல். தன்னாமுனையிலிருந்து நான் வரும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கும் காலம். ஒருநாள் காவலில் நின்றவன் என் அலுவலக அட்டையைப் புரட்டிப் பார்த்து, "வீட்டுக்காரங்கட லிஸ்ட் எல்லாம் உங்ககிட்டதானே" என்று கேட்டான். சும்மா கேட்டானோ, தெரிந்துதான் கேட்டானோ.

நேரே சேரின் மேசைக்குப் போனேன்.

"சேர், அந்தப் படங்கள அழிக்கோணும். இந்தக் கிழமையே."

"கணக்காய்வு முடியல்ல மிஸ்."

"கணக்காய்வு முடியிறத்துக்குள்ள ஆக்கள் முடிஞ்சிருவாங்க சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான். "படத்த நாம அழிச்சா, வீடு ஒண்டும் கட்டாமலே கட்டினதாக் கணக்குக் காட்டினம் எண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். எதக் காட்டுவீங்க?"

என் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை அவரே என் அறைக்கு வந்து, ஒரு படிவத்தைத் திறக்கச் சொல்லி இரண்டு பக்கத்தையும் கனநேரம் பார்த்தார்.

"கணக்காய்வுக்கு வேண்டியது எல்லாம் முதலாம் பக்கத்திலதான் கிடக்கு. பேர், இலக்கம், கையெழுத்து, முத்திரை. இரண்டாம் பக்கத்த அவங்க இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றார். "ஒரே தாள் எண்டத்துக்காக ரெண்டுக்கும் ஒரே நாள் வைக்கத் தேவல்லத்தானே?"

அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஓர் அட்டவணை எழுதினோம். எழுதியது நான், சொல்லச் சொல்லத் திருத்தியது அவர். முதலாம் பக்கப் படம் கணக்காய்வு முடிவுக் கடிதம் வரும் வரையும், அதற்குப் பின் குறித்த காலம் வரையும். இரண்டாம் பக்கப் படம், பதிவு சரிபார்க்கப்பட்டதும் அழிக்கப்படும். கணினியில் அடித்த பதிவு எல்லாவற்றிலும் கூடிய காலம் இருக்கும், அதற்கும் ஒரு முடிவு நாள் உண்டு. வழக்கோ பிணக்கோ உள்ள படிவத்தை அழிக்காமல் நிறுத்தி வைக்கலாம். அழிப்பதென்றால் இங்குள்ள கணினியில், கிழமைக்கொருக்காப் பிரதி எடுக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டில், கொழும்புத் தலைமை அலுவலகத்தில் உள்ள பிரதியில், மூன்றிலும் அழிய வேண்டும். எதை, எந்த நாள், யாருடைய அனுமதியோடு அழித்தோம் என்று ஒரு புத்தகத்தில் படிவ இலக்கத்தை மட்டும் எழுதி இருவர் கையொப்பமிட வேண்டும். பெயர் எழுதக்கூடாது. பெயரை எழுதினால் அழித்தும் பயனில்லை.

கொழும்பு சம்மதித்தது. மாத முடிவு என்று நாள் குறித்தார்கள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வெற்றி என்றுகூட நினைத்தேன்.

மாத முடிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஓர் அக்கா வந்தா. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவ. சுனாமியில் கடைசிப் பிள்ளையைக் கொடுத்தவ. மரத்தடியில் அவவின் படிவத்தை எழுதியது நான் என்று அவவே நினைவுபடுத்தினா. புருஷன் இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். நாங்கள் கட்டிக் கொடுத்த வீட்டின் ஒப்படைப்புப் பத்திரம் அவருடைய பெயரில் இருந்தது. அவருடைய தம்பி இப்போது வந்து, அண்ணன்ட வீடு எனக்கு, நீ எழும்பு என்கிறானாம்.

"வளவு என்ட அம்மா எனக்குத் தந்த சீதனம், மகள். காணி உறுதியப் பதியாம உடுப்புப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தம். கடலோட போயிற்று. நீங்க அண்டைக்கு எழுதினீங்கதானே. அத ஒருக்கா எடுத்துத் தாங்க."

பதிவைத் திறந்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் புருஷனின் பெயர். வளவு பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இரண்டாம் பக்கப் படத்தைத் திறந்தேன். ஓரத்தில் என் கையெழுத்து: வளவு மனைவிக்குத் தாய் கொடுத்த சீதனம், உறுதி கடலோடு போனது. பக்கத்தில் கிராம சேவகரின் கையொப்பம். அந்தக் கிராம சேவகர் அதற்குள் இறந்துவிட்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அப்பாடா, கிடக்கிறதே என்று. பிறகு கண் கீழே போனது.

பெட்டிக்குள்ளும் என் எழுத்துத்தான். மூத்த மகன், வயது பதினேழு. சந்தைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் யார், எங்கே வைத்துப் பிடித்தார்கள், எந்த நாள், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். பலவந்தமாகக் கொண்டுபோனதென்றாலும் பட்டியலாகப் பார்ப்பவனுக்கு அவனும் இயக்கத்துப் பையன்தான்.

சேரைக் கூப்பிட்டேன். வெட்டி அச்சடிக்கலாமா என்று கேட்டேன். ஓரத்து வரியை மட்டும் அச்சடித்துப் பெட்டியை மறைத்துவிடலாம்.

"மறைச்ச தாளக் கண்டா, மறைச்சது என்னெண்டுதான் முதல்ல கேப்பாங்க" என்றார். "முழுசக் காட்டச் சொன்னா முழுசும் நம்மட்டக் கிடக்கும். நிறுத்தி வைக்கிறதெண்டா முழுப் படத்தையும்தான் நிறுத்தி வைக்கோணும், மூண்டு இடத்திலயும். மற்ற எல்லாத்தையும் அழிச்ச பிறகு இது ஒண்டு மட்டும் தனியாக் கிடக்கும்."

"அப்ப இப்பவே பார்த்துப் பதிவத் திருத்திப்போட்டுப் படத்த அழிப்பம்."

"ஆதாரத்த அழிக்கிறதுக்கு முதல் கிழமை பதிவத் திருத்தினா, கணக்காய்வில அதுக்கு என்ன பேர் தெரியுமா மிஸ்? நான் கணக்காய்வாளனா இருந்தா நானே உங்களக் களவெண்டு எழுதுவன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. வீட்டைக் காப்பாற்றப் படம் இருக்க வேண்டும். மகனைக் காப்பாற்றப் படம் போக வேண்டும். ஒரு தாளின் ஒரு பக்கம்.

முடிவு எங்களுடையது இல்லை என்று சொன்னதும் சேர்தான். அக்காவை உள்ளே கூப்பிட்டு, ஓரத்து வரி, பெட்டி இரண்டையும் வாசித்துக் காட்டி, இங்கேயும் தட்டிலும் கொழும்பிலும் இது கிடக்கிறது, மாத முடிவில் மூன்றிலும் அழிக்க இருக்கிறோம் என்றேன். கணினித் திரையில் என் எழுத்தை அவ விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. எழுதப் படிக்கக் கொஞ்சந்தான் தெரியும். மகனின் பெயர் எது என்று கேட்டா. காட்டினேன்.

"அவன் உயிரோட இரிக்கான் மகள். போன மாசம் ஒராள் கண்டு வந்து சொன்ன" என்றா மெதுவாக. "தப்பி வந்திருவான். வாற நேரம் இது ஆர்ட கையிலயும் இரிக்கப்படா. அழிச்சிருங்க."

"வளவு அக்கா?"

"வளவு கிடக்கட்டும். அவன் வந்தா எங்கயும் இரிப்பம்."

சேர் எழும்பி யன்னல் பக்கம் போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தங்கச்சியின் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் அலுவலகத்தில் ஒருநாளும் பேசியதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இன்ன இலக்கப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நாங்கள் இருவரும் இன்று கண்ணால் பார்த்தோம், வளவு மனைவியின் சீதனம் என்று கிராம சேவகரின் கையொப்பத்தோடு எழுதப்பட்டிருக்கிறது, அதன்படி பதிவைத் திருத்துகிறோம் என்று தன் முத்து முத்தான எழுத்தில் எழுதினார். பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையொப்பம் போட்டு என்னிடம் நீட்டினார்.

"களவெண்டு எழுதுவன் எண்டீங்களே சேர்?"

"எழுதுவாங்க. எழுதட்டும். எனக்கு இன்னும் எத்தின வருசம் வேல?" என்றார்.

பதிவைத் திருத்தினோம். பழையது என்ன, புதியது என்ன, யார் திருத்தியது, ஏன் என்று கணினியும் எழுதி வைத்துக்கொண்டது. மாத முடிவில் இரண்டாம் பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்தோம். வெறுமனே அழித்தால் மீட்டெடுக்கலாம் என்பதால் தட்டின் மேல் திரும்பத் திரும்ப வேறு எழுதச் செய்தோம். அழிக்க முன் எண்ணினோம், அழித்த பின் எண்ணினோம். கொழும்பிலிருந்தும் முடிந்தது என்று கடிதம் வந்தது. அழிப்புப் புத்தகத்தில் நானும் சேரும் கையொப்பமிட்டோம். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். முதல் தடவையாக அலுவலக அட்டையை நானே எடுத்து நீட்டினேன்.

புருஷனின் தம்பி மத்தியஸ்த சபைக்குப் போனான். சேர் தன் தாளோடு போய் உட்கார்ந்தார். நானும் போய் என் வாயோடு உட்கார்ந்தேன். வீடு அக்காவுக்கே நின்றது. ஒரு பலாப்பழம் கொண்டுவந்து தந்தா. சேருக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாது, முழுவதையும் நான் தின்றேன்.

கணக்காய்வு பிந்தித்தான் வந்தது, யுத்தம் முடிந்த பிறகு. சேர் பயந்ததே நடந்தது. திருத்திய பதிவு, ஆதாரப் படம் இல்லை, அழிப்பதற்குச் சற்று முன் திருத்தப்பட்டுள்ளது என்று அறிக்கையில் ஒரு பந்தி. சேர் அதற்கு விளக்கம் எழுதினார். விளக்கத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் எழுதினார்கள். முப்பது வருடம் ஒரு கறையும் இல்லாமல் வேலை செய்த மனிதர். அந்தப் பந்தியோடுதான் ஓய்வு பெற்றார். என்னிடம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அவர் போன பிறகு ஒரு நாள் காலை அக்கா வந்தா. வாசலில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தா. மகன் வரவில்லை. தடுப்பு முகாம்களுக்கெல்லாம் போய்ப் பெயரைச் சொல்லித் தேடியாயிற்று. காணாமல் போனவர்களின் விபரம் எடுக்கும் இடத்துக்கும் போயிருக்கிறா. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறா. அவர்கள் கேட்டது வேறு.

"எப்ப பிடிச்ச, ஆர் பிடிச்ச, அந்த நேரம் ஆருக்காச்சும் சொல்லி எழுத்தில கிடக்கா எண்டு கேக்காங்க மகள். பொலிசுக்குப் போகப் பயந்து நான் போகல்ல. உங்களுக்கிட்ட மட்டுந்தான் சொன்னன். நீங்கதான் எழுதினீங்க. அந்தக் கடதாசியத் தாங்க."

என்ன சொல்லுவது? நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்று சொல்லுவதா? அவ சொல்ல முதலே அழிக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டியவள் நான்.

"அழிச்சிட்டம் அக்கா" என்றேன். "உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம், தெரியும். கொழும்பில ஒண்டு இரிக்கும் எண்டீங்களே?"

"அதையும்."

"மறுகா அந்தத் தட்டில?"

"அதையும் அக்கா."

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது. மூன்று இடத்திலும் தேடினாலும் ஒரு எழுத்துக் கிடைக்காது. அப்படிச் செய்திருந்தேன்.

எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி, பெட்டிக்குள் எழுதிய வரிகளை அப்படியே ஒரு தாளில் எழுதினேன். இன்ன நாளில் இந்தத் தாய் எனக்குச் சொன்னார், நான் எழுதினேன், அது பிறகு அழிக்கப்பட்டது என்று கையொப்பமிட்டேன். அழிப்புப் புத்தகத்தின் பக்கத்தையும் பிரதி எடுத்துச் சேர்த்தேன். கடைசியில் திகதி போட வேண்டியிருந்தது. பையனைப் பிடித்த காலத்துத் திகதியைப் போட முடியாது. அன்றைய திகதியைத்தான் போட்டேன். அந்தத் திகதியைப் போட்டவுடனேயே அந்தக் கடிதத்தின் பெறுமதி எனக்குத் தெரிந்துவிட்டது. சேர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

பதிவு இன்னும் கணினியில் இருந்தது. அதையும் அச்சடித்துக் கொடுத்தேன். எங்கள் தலைப்போடு, முதலில் அடித்த நாளின் திகதியோடு வந்தது. திருத்திய இடத்தில் அவவின் பெயர் இருந்தது. கீழே ஒரு வரி: வீட்டில் இல்லாதோர்: 1.

அக்கா தாளை மடியில் வைத்துத் தடவினா.

"இதில அவன் எங்க மகள்?"

அந்த ஒன்றைக் காட்டினேன். அவ அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தா. நான் அழுதேன். அவ அழவில்லை.

"இதையும் அழிப்பீங்களா?" என்று கேட்டா.

என் மேசைக்குப் பின்னால் சுவரில் அந்த அட்டவணை தொங்கியது. பதிவுகளுக்கும் அதில் ஒரு நாள் இருந்தது. எழுதியதும் நான்தான்.